மீற்றரில் நல்லது, வேலையில் கெட்டது: கப்பாசிற்றரின் ஈ.எஸ்.ஆர். பற்றி ஒரு பதில்

கேள்வி: "அண்ணா, இரணைமடுப் பக்கம் எங்கட தோட்டத்தில 12 வோல்ட் பற்றரியில இருந்து LM2596 மொடியூல் ஒண்டு போட்டு 5 வோல்ட் கமரா ஓடுது. இரவில கமராவின்ர இன்ஃப்ராரெட் லைற் பத்துற நேரம் ரீஸ்ராட் ஆகுது. வெளியீட்டுப் பக்கத்து 220 மைக்ரோபரட் கப்பாசிற்றரைக் கழட்டி மல்ரிமீற்றரில பார்த்தால் 198 காட்டுது, நல்லாத்தான் இருக்கு. செரமிக்குக்கு ஈ.எஸ்.ஆர். குறைவு எண்டு வாசிச்சுப்போட்டு, அதுக்குப் பதிலா 22 மைக்ரோபரட் செரமிக் போட்டன். இப்ப கொயில் கீச்சிடுது, படத்தில கோடு விழுது. என்ன பிழை?"

தம்பி, பழைய கப்பாசிற்றர் கெட்டுத்தான் போயிருந்தது. உங்கள் மீற்றருக்கு அது தெரியாது, அவ்வளவுதான். புதிதாகப் போட்ட செரமிக்கோ கெட்டதல்ல, ஆனால் மொடியூலிலுள்ள LM2596 சில்லுக்கு அது ஒத்துவராது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஈ.எஸ்.ஆர்., அதாவது கப்பாசிற்றருக்குள்ளேயே தொடராக ஒளிந்திருக்கும் தடை. முன்னதில் அது கூடிப்போனது, பின்னதில் இல்லாமலே போனது.

முதலில் பழைய கப்பாசிற்றரைப் பார்ப்போம். பரந்தனில் என் மேசைக்கு இதே மாதிரியான மொடியூல்கள் மாதத்துக்கு ஒன்றிரண்டாவது வரும். கொண்டுவருபவர் பெரும்பாலும் சொல்வது, "மேல்தட்டு வீங்கவில்லை, அப்போ கப்பாசிற்றர் இல்லை" என்பதுதான். வீங்காமலே சாகும் கப்பாசிற்றர்கள் நிறைய உண்டு. கழற்றித் தலைகீழாகப் பிடித்து அடியிலுள்ள கறுப்பு ரப்பரைப் பாருங்கள். கால்கள் வெளியே வரும் இடத்தைச் சுற்றி மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால், அல்லது சோல்டரிங் அயனைக் காலில் வைத்தவுடன் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நாற்றம் வந்தால், உள்ளே இருந்த திரவம் வெளியேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் திரவம்தான் கதையின் மையம். எலக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றருக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே திரவத்தில் ஊறிய கடதாசி, எல்லாம் சேர்த்துப் பாய் மாதிரிச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு தாளின் மேலுள்ள மெல்லிய ஒக்சைட்டுப் படலம்தான் மின்காவலி. அந்தப் படலத்தின் மறுபக்கத்துக்கு மின்னோட்டம் போய்ச் சேர்வது திரவத்திலுள்ள அயன்கள் வழியாக. அயன்கள் செப்புக் கம்பியிலுள்ள இலத்திரன்கள் மாதிரி ஓடுவதில்லை, சேற்று வயலில் நடப்பது மாதிரித் தட்டுத்தடுமாறித்தான் போகும். அந்தத் தடங்கல்தான் ஈ.எஸ்.ஆர். திரவம் ரப்பர் வழியே ஆவியாகக் குறையக் குறைய வழி ஒடுங்கும், தடை கூடும். ஆனால் ஒக்சைட்டுப் படலம் அப்படியே இருப்பதால் கொள்ளளவு நெடுநாளைக்குப் பெரிதாக இறங்காது. உங்கள் 198 அங்கிருந்துதான் வருகிறது.

மல்ரிமீற்றர் ஏன் இதைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கப்பாசிற்றரை மிக மெதுவாக நிரப்பி, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கிறது. அந்த மெதுவான வேகத்தில், ஒரு 100 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 220 மைக்ரோபரட் தானாகவே ஏழு ஓமுக்குச் சற்று மேலே எதிர்ப்புக் காட்டும். உலர்ந்த கப்பாசிற்றரின் ஈ.எஸ்.ஆர். ஒன்றரை ஓம் என்று வைத்தால், அது அதோடு சேர்ந்தாலும் கணக்கில் பெரிதாகத் தெரியாது. ஆனால் உங்கள் மொடியூல் வேலை செய்வது 150 கிலோஹேர்ட்ஸில். அங்கே அதே 220 மைக்ரோபரட்டின் எதிர்ப்பு 5 மில்லியோம்தான். ஐந்து மில்லியோமுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஓம் நிற்பது, வாய்க்காலுக்கு நடுவே பாறாங்கல் கிடப்பது மாதிரி. அந்த வேகத்தில் உங்கள் கப்பாசிற்றர் கப்பாசிற்றரே அல்ல, ஒன்றரை ஓம் தடை ஒன்றுதான்.

இனி கணக்கு. மொடியூலில் கொயில் பெரும்பாலும் 33 மைக்ரோஹென்றி, மேலே 330 என்று போட்டிருக்கும். பற்றரி 13 வோல்ட், வெளியீடு 5 வோல்ட் என்று எடுப்போம். D சில்லின் சுவிச் போட்டிருக்கும் நேரத்தின் பங்கு, f அதன் வேகம், L கொயிலின் அளவு என்றால், கொயிலில் மின்னோட்டம் ஏறியிறங்கும் அளவு:

```
D  = Vout / Vin = 5 / 13 = 0.385
dI = (Vin - Vout) * D / (f * L)
   = 8 * 0.385 / (150000 * 0.000033)
   = 0.62 A
```

இந்த 0.62 அம்பியர் ஏற்ற இறக்கம் முழுவதும் வெளியீட்டுக் கப்பாசிற்றருக்குள்தான் போய் வர வேண்டும். கமரா கொஞ்சம் எடுத்தாலும் நிறைய எடுத்தாலும், கொயிலில் ஓட்டம் பூச்சியத்தைத் தொடாத வரை இந்த அளவு ஏறக்குறைய மாறாது. அந்த ஓட்டத்தால் வெளியீட்டு வோல்ட்டில் வரும் ஏற்ற இறக்கத்துக்கு, அதாவது ரிப்பிளுக்கு, இரண்டு பங்குகள் உண்டு:

```
V_C   = dI / (8 * f * C)
V_ESR = dI * ESR
```

220 மைக்ரோபரட்டுக்கு முதல் பங்கு வெறும் 2.3 மில்லிவோல்ட். இரண்டாவது பங்கு கப்பாசிற்றர் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. புதிய, குறைந்த ஈ.எஸ்.ஆர். வகை ஒன்றுக்கு 0.06 ஓம் என்றால் 37 மில்லிவோல்ட். கடையில் கிடைக்கும் சாதாரண வகைக்கு 0.15 ஓம் என்றால் 93 மில்லிவோல்ட். என் மேசைக்கு வந்த ஒன்று உங்களுடையதைப் போலவே மல்ரிமீற்றரில் நல்லது, ஈ.எஸ்.ஆர். மீற்றரிலோ 1.4 ஓம். அதை மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள்: 0.87 வோல்ட். 5 வோல்ட் வழியில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் ரிப்பிள். கொள்ளளவால் வரும் பங்கு நல்ல கப்பாசிற்றரிலேயே மிகச் சிறியது என்பதைக் கவனியுங்கள். 220க்குப் பதில் 470 போட்டாலும் அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. 470 போட்டு ரிப்பிள் குறைந்தால், பெரிய கப்பாசிற்றருக்கு வழக்கமாக ஈ.எஸ்.ஆர். குறைவு என்பதால்தான் குறைந்திருக்கும்.

"மைக்ரோபரட் கூட்டினால் சரியாகும்" என்ற பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். நாலு டயோட் போட்டு, பின்னால் 1000 மைக்ரோபரட் ஒன்று வைப்போம். இரைச்சல் கேட்டால் இன்னொரு 1000 சேர்ப்போம், இரைச்சல் குறையும். அங்கே அது சரியான வைத்தியம். ரேடியோ 50 மில்லியம்பியர் எடுக்கிறது, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே 10 மில்லிசெக்கன் என்றால், 1000 மைக்ரோபரட்டில் அரை வோல்ட் அளவு இறங்கும். ஈ.எஸ்.ஆர். அதில் சேர்ப்பது சில பத்து மில்லிவோல்ட் மட்டுமே. வேகம் குறைந்த இடத்தில் கொள்ளளவுதான் ராசா. 150 கிலோஹேர்ட்ஸுக்கு வரும்போது அந்த ஆட்சி ஈ.எஸ்.ஆர். கைக்குப் போய்விடுகிறது.

சரி, ரிப்பிள் பகலிலும் இருந்ததுதானே, இரவில் மட்டும் ஏன் ரீஸ்ராட்? இன்ஃப்ராரெட் விளக்குகள் பற்றும்போது கமரா எடுக்கும் ஓட்டம் ஒரே அடியில் கூடுகிறது. 0.3 அம்பியரில் இருந்து 0.8க்குப் பாய்கிறது என்று வைப்போம். சில்லு அதை உணர்ந்து கொயில் ஓட்டத்தை ஏற்றுவதற்குச் சில பத்து மைக்ரோசெக்கன் பிடிக்கும். அந்த இடைவெளியில் கூடுதல் 0.5 அம்பியரைக் கப்பாசிற்றர்தான் கொடுக்க வேண்டும், அதுவும் தன் 1.4 ஓமுக்குள்ளால். 0.7 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். ரிப்பிளின் கீழ்ப்பாதி இன்னொரு 0.43. ஐந்து வோல்ட் ஒரு கணம் 3.9க்கு வந்து நிற்கிறது. கமராவுக்குள் இருக்கும் சிறு கப்பாசிற்றர்கள் கொஞ்சத்தைத் தாங்கும், ஆனால் நீளமான வயரின் இழப்பும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் சில்லு தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். மார்கழி விடியலில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் குளிர்ந்தால் திரவம் தடித்து ஈ.எஸ்.ஆர். ஏறும். வெயில் ஏறியபின் தானாகச் சரியாகும் பழுது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் கப்பாசிற்றரில்தான் போகும்.

இப்போது உங்கள் செரமிக்குக்கு வருவோம். செரமிக் கப்பாசிற்றரில் திரவமே கிடையாது. பேரியம் டைற்றனேற் படலங்களும் உலோகப் படலங்களும் மாறிமாறி அடுக்கியது. அதன் ஈ.எஸ்.ஆர். 2, 3 மில்லியோம் அளவில்தான் இருக்கும். ஆகவே 0.62 அம்பியருக்கு ஈ.எஸ்.ஆர். பங்கு 2 மில்லிவோல்ட். ஆனால் கொள்ளளவுப் பங்கு இப்போது முன்னுக்கு வருகிறது: 22 மைக்ரோபரட்டுக்கு 23 மில்லிவோல்ட். அதுவும் 22 முழுதாக இருந்தால். 6.3 வோல்ட், X5R என்று விற்கும் சிறிய செரமிக்கின் மேல் 5 வோல்ட் நின்றால், அந்தப் பொருளின் இயல்பாலேயே கொள்ளளவு பாதியளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். பாதி என்றால் ரிப்பிள் 47 மில்லிவோல்ட், அதாவது ஒரு நல்ல எலக்ட்ரோலிற்றிக்கை விடக் கூட. இது மீற்றரில் தெரியாது, ஏனென்றால் மீற்றர் 5 வோல்ட் ஏற்றி அளப்பதில்லை.

ஆனாலும் 47 மில்லிவோல்ட்டுக்குக் கொயில் கீச்சிடாது. கீச்சிடுவது சில்லு தடுமாறுவதால். LM2596 வெளியீட்டு வோல்ட்டை ஓயாமல் பார்த்து, குறைந்தால் கூட்டி, கூடினால் குறைக்கிறது. ஆனால் கொயிலும் கப்பாசிற்றரும் சேர்ந்த சோடி எதையும் பிந்தித்தான் காட்டும். பிந்திய செய்தியைக் கேட்டுத் திருத்தினால், திருத்தம் தேவைக்கு மேல் போய், மறுபக்கம் திருத்தி, அப்படியே ஊஞ்சலாடும். இந்தப் பிந்தலைக் கொஞ்சம் முன்னுக்கு இழுப்பது எது தெரியுமா? நாம் திட்டிக்கொண்டிருக்கும் அந்த ஈ.எஸ்.ஆர்.தான். கப்பாசிற்றர் நிரம்பும்வரை காத்திராமல், தடையில் விழும் வோல்ட் மின்னோட்டத்தின் மாற்றத்தை அந்தக் கணமே வெளியீட்டில் காட்டிவிடும். அது வேலை செய்யத் தொடங்கும் அதிர்வெண்:

```
fz = 1 / (2 * pi * ESR * C)

220 uF, 0.06 ohm   ->  12 kHz
 22 uF, 0.003 ohm  ->  2.4 MHz
```

இந்தச் சில்லின் உள்ளமைப்பு எலக்ட்ரோலிற்றிக் காலத்தில், வெளியே கொஞ்சம் ஈ.எஸ்.ஆர். இருக்கும் என்று நம்பி வகுக்கப்பட்டது. 12 கிலோஹேர்ட்ஸில் கிடைக்கும் உதவி அதற்குச் சரியான இடத்தில் கிடைக்கும் உதவி. 2.4 மெகாஹேர்ட்ஸில் வரும் உதவி, சில்லின் 150 கிலோஹேர்ட்ஸ் வேகத்தைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. அதன் தரவுத்தாளிலேயே மிகக் குறைந்த ஈ.எஸ்.ஆர். கொண்ட வெளியீட்டுக் கப்பாசிற்றர் நிலைகுலைவு தரலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. நிலைகுலைந்தால் வெளியீடு சில கிலோஹேர்ட்ஸில் ஊசலாடும். அது காதுக்கு எட்டும் வேகம், அதனால்தான் கொயிலில் கேட்கிறது. அழுத்தம் மாறினால் செரமிக்கும் மெல்லச் சுருங்கி விரியும், அதுவும் சேர்ந்து பாடும். படத்தில் விழும் கோடு அந்த ஊசலின் நிழல்.

உங்களிடம் ஒசிலோஸ்கோப் இருந்தால் இதை நேரடியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஈ.எஸ்.ஆர். கூடிய கப்பாசிற்றரில் 150 கிலோஹேர்ட்ஸில் நேர்க்கோடுகளால் ஆன முக்கோண அலை தெரியும். நல்ல செரமிக்கில் அது வளைந்து, வட்டமாக, சிறிதாகத் தெரியும். நிலைகுலைந்தால் இவற்றை விட மிக மெதுவான பெரிய அலை ஒன்றின் முதுகில் சிறிய அலைகள் ஏறியிருக்கும். புரோபின் நீண்ட கிரவுண்ட் வயரை மட்டும் கழற்றிவிட்டு, நுனியிலேயே சிறு கம்பி சுற்றி, கப்பாசிற்றரின் இரண்டு கால்களிலும் நேராக வையுங்கள். நீண்ட வயர் ஒரு அன்ரனா. அது பிடிக்கும் ஊசிகளைப் பார்த்துவிட்டு நல்ல கப்பாசிற்றரைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். மல்ரிமீற்றரின் ஏ.சி. வோல்ட்டில் ரிப்பிளை அளக்க முயல வேண்டாம். சாதாரண மீற்றர்கள் சில நூறு ஹேர்ட்ஸுக்கு மேலே நம்பத்தக்கவையல்ல.

ஸ்கோப் இல்லையென்றால், திரையில் `ESR=` என்று எண் காட்டும் மலிவான கொம்பொனென்ற் ரெஸ்ரர் போதும். அது சரியாக 100 கிலோஹேர்ட்ஸில் அளப்பதில்லை, அதனால் எண்ணை வேதவாக்காக எடுக்காமல், அதே அளவிலான புதிய ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதியது 0.1, பழையது 1.4 என்றால் வாதத்துக்கே இடமில்லை. கப்பாசிற்றரை வெறுமையாக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெஸ்ரர் போய்விடும். அதுவும் இல்லையா? புதிய 220 ஒன்றின் கால்களைக் கட்டையாக வெட்டி, போட்டின் கீழ்ப்புறத்தில், சந்தேகப்படும் கப்பாசிற்றருக்குச் சமாந்தரமாக, நேர் எதிர் பார்த்துப் பற்றவையுங்கள். பழுது நின்றால் விடை கிடைத்துவிட்டது. நான் பல வருடங்கள் இதை வைத்தே பிழைத்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். 220 மைக்ரோபரட், 25 அல்லது 35 வோல்ட், 105 பாகை, குறைந்த ஈ.எஸ்.ஆர். வகை எலக்ட்ரோலிற்றிக் ஒன்றை மீண்டும் அதே இடத்தில் போடுங்கள். வாங்கிய செரமிக்கை எறிய வேண்டாம், அதை எலக்ட்ரோலிற்றிக்குக்குச் சமாந்தரமாகப் போடலாம். இப்போது எலக்ட்ரோலிற்றிக் சில்லுக்குத் தேவையான ஈ.எஸ்.ஆரைக் கொடுக்கும், செரமிக் சுவிச் ஆகும் கணத்துக் கூரிய ஊசிகளை விழுங்கும். செரமிக்கை மட்டும்தான் வைப்பேன் என்றால் சில்லையே மாற்ற வேண்டும். MP1584 போட்ட சின்ன மொடியூல்கள் செரமிக்கோடு ஓடுவதற்கென்றே வகுக்கப்பட்டவை.

உள்ளீட்டுப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இந்த மொடியூல்களில் அதிகம் வதைபடுவது உண்மையில் அந்தக் கப்பாசிற்றர்தான். வெளியீட்டுப் பக்கம் ஏறியிறங்கும் முக்கோணம், உள்ளீட்டுப் பக்கம் முழு ஓட்டமும் பட்டென்று வந்து பட்டென்று நிற்பது. 2 அம்பியர் எடுக்கும் வேலை என்றால் அந்தக் கப்பாசிற்றரில் ஏறக்குறைய 1 அம்பியர் பயன் ஓட்டம் சுழலும், 0.25 ஓம் ஈ.எஸ்.ஆர். என்றால் கால் வாற் சூடு அந்தச் சிறு குடுவைக்குள். சூடு திரவத்தை உலர்த்தும், உலர்ந்தால் ஈ.எஸ்.ஆர். கூடும், கூடினால் இன்னும் சூடு. இங்கே செரமிக் போடலாம், ஈ.எஸ்.ஆர். இல்லாவிட்டாலும் சில்லு தடுமாறாது. ஆனால் எலக்ட்ரோலிற்றிக்கை எடுத்துவிட்டுச் செரமிக்கை மட்டும் வைத்தால் வேறொரு ஆபத்து உண்டு: பற்றரியில் இருந்து கம்பத்துக்கு நீண்ட வயர், அதன் நுனியில் செரமிக் மட்டும் என்றால், பற்றரியைக் கொழுவும் கணத்தில் வோல்ட் துள்ளி இரு மடங்கு வரை போகலாம். 13க்கு 26. LM2596 இன் எல்லை 40 வோல்ட் என்பதால் அது தாங்கும், MP1584 இன் எல்லை 28, நூலிழையில் நிற்கும். எலக்ட்ரோலிற்றிக் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதன் ஈ.எஸ்.ஆர். அந்தத் துள்ளலை அமத்திவிடும்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகரப் பெட்டியைக் கம்பத்தின் தலையில், நிழலில்லாமல் வைத்திருந்தால் சித்திரை வெயிலுக்கு உள்ளே 70 பாகையைத் தாண்டுவது புதினமல்ல. எலக்ட்ரோலிற்றிக்கின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும். 85 பாகையில் 2000 மணித்தியாலம் என்று எழுதிய கப்பாசிற்றர் 75 பாகையில் 4000 மணித்தியாலம், அதாவது தொடர்ந்து ஐந்தரை மாதம். 105 பாகை என்று எழுதியது அதே இடத்தில் 16000. பெட்டியைக் கம்பத்தில் மரநிழலில், அடியில் இரண்டு துளையோடு இறக்கி வைத்தால் இந்தக் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும்.

மாற்றியபின் இரவுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கமராவின் முகத்திலுள்ள ஒளி உணரியைக் கறுப்புத் துணியால் மூடினால் இன்ஃப்ராரெட் உடனே பற்றும். பத்துப் பதினைந்து தரம் மூடித் திறந்து பாருங்கள். பிறகு விடியற்காலையில், பெட்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, ஒருதரம் பற்றரியைக் கழற்றிக் கொழுவி அதையே செய்யுங்கள். அப்போதும் ரீஸ்ராட் வந்தால் எனக்கு எழுதுங்கள், ஆனால் அதற்கு முதல் வயரின் கமரா முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.